லீவு லெட்டரோடு இணைத்த பத்தொன்பது காகிதங்கள்

அன்று ஹெச்.ஆர். அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நாற்காலியில் ஹெச்.ஆர். மேடம். பக்கத்து மேசையில், எங்கள் வருகைப் பதிவைப் பார்க்கும் டைம் ஆபீஸ் அண்ணன். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவில் சாய்ந்து நின்ற எங்கள் லைன் சூப்பர்வைசர். எனக்குத் துணையாக வந்த, அடுத்த மிஷினில் தைக்கும் தூத்துக்குடிக்காரி. அப்புறம் நான். வேறு ஈ காக்கை இல்லை. இதைக் கணக்காகச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால், அன்றைக்கு என்ன பேசினோம் என்று கேட்க வேண்டி வந்தபோது, இந்த ஐவரில் மூன்று பேருக்கு எதுவுமே ஞாபகம் இல்லாமல் போயிற்று.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். ஒரு காகிதம் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு எழுத்து மாறியிருந்தால் வேறு ஆள் என்று சொல்லிவிடுவார்கள் என்று ரேஷன் கடையிலிருந்து வங்கி வரைக்கும் பார்த்துப் பயந்து பழகியவள். அதனால் ஆபரேஷனுக்கு லீவு கேட்கப் போகிறோம் என்றதும், என் உடம்பைப் பற்றி உலகத்தில் எத்தனை காகிதம் உண்டோ அத்தனையையும் ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கிக்கொண்டு போனேன். லீவு லெட்டர், அதை எழுதிப் பழகிய இரண்டு தாள், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி சீட்டு, கோயம்புத்தூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு, மூன்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை நான்கு, டாக்டர் தேதி போட்டுக் கொடுத்த கடிதம், ஆதார் நகல், இ.எஸ்.ஐ. அட்டை நகல், பாஸ்புக் முதல் பக்கம், கணவரின் ஆதார், மாத்திரைக் கடை ரசீதுகூட மூன்று. லீவு லெட்டரை விட்டு மொத்தம் பத்தொன்பது. வீட்டில் மூன்று தடவை எண்ணியிருந்தேன்.

கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ரத்தம் குறைவாக இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டு ஏற்றிக்கொண்டு வா என்று ஒரு மாதம் தள்ளித் தேதி கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் நான்காம் தேதி வியாழக்கிழமை படுக்கை, ஐந்தாம் தேதி ஆபரேஷன், அதிலிருந்து ஓய்வு. படுக்கிற நாளையும் சேர்த்து நாற்பத்தைந்து நாள்.

அந்த நாற்பத்தைந்து நாள்தான் என் பயம். எங்கள் ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு அக்கா இதே ஆபரேஷன் செய்துகொண்டு, வீட்டில் காசில்லாமல் இருபதாம் நாளே வந்து அட்டைப்பெட்டி தூக்கினார். தையல் போட்ட இடம் உள்ளே விட்டுப்போய், இன்றைக்கும் வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறார். எனக்கு அப்படி ஆகக் கூடாது. ஆகாமல் இருக்க வேண்டுமானால் படுத்திருக்கிற நாளுக்கு இ.எஸ்.ஐ. காப்பீட்டுப் பணம் வர வேண்டும். என் கணவர் ஓட்டுகிற லோடு ஆட்டோ வருமானம் டீசலுக்கும் சோற்றுக்கும் சரியாகப் போய்விடும். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான். இரண்டு மாத வாடகையை இ.எஸ்.ஐ. பணம் வந்ததும் சேர்த்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

ஹெச்.ஆர். மேடம் ஃபைலை வாங்கிப் புரட்டிவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"என்னக்கா, கல்யாண ஆல்பம் மாதிரி கொண்டாந்திருக்கீங்க. இவ்வளவும் எனக்கு வேண்டாம்."

"இல்லீங் மேடம், ஏதாச்சும் கொறஞ்சிருச்சுன்னா..."

"குறையாது. லீவு லெட்டர்ல எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்னு இருக்கணும், இருக்கு. டாக்டர் லெட்டர்ல அட்மிஷன் தேதி, ஆபரேஷன் தேதி, எத்தனை நாள் ரெஸ்ட்டு, கையெழுத்து, சீல். இருக்கு. இ.எஸ்.ஐ. அட்டை நகல் ஒண்ணு. அவ்வளவுதான். ஸ்கேனையெல்லாம் எடுத்துட்டுப் போங்க. உங்க உடம்புல என்ன இருக்குங்கறது கம்பெனி ஃபைல்ல கிடக்க வேண்டியதில்ல."

அவர் அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் சூப்பர்வைசர் கையை நீட்டி மேலே இருந்த ஸ்கேன் தாளை எடுத்துவிட்டான். என்னைவிட ஆறு வயது சின்னவன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான், சட்டைத் துணியில் ஓட்டை பார்க்கிற மாதிரி.

"என்னமோன்னு நெனச்சேன். கர்ப்பப்பையா? எங்க அத்தைக்குக்கூட எடுத்தாங்க. பத்தே நாள்ல எந்திரிச்சு மாடு கறந்துட்டாங்க. நாப்பத்தஞ்சு நாள் என்னத்துக்குங்?"

தூத்துக்குடிக்காரி சும்மா இருக்கிற ஆள் இல்லை. "உங்க அத்தைய இங்க வரச் சொல்லும் சார். ஓவர்லாக் மிஷின்ல ஒக்கார வச்சு நானும் பாக்கேன், எத்தன நாள்ல எந்திக்காவன்னு" என்றாள்.

மேடம் ஸ்கேனை அவன் கையிலிருந்து வாங்கி என் ஃபைலில் வைத்தார். எனக்கு முகம் சுட்டது. என் வயிற்றின் உள்பக்கத்தை அவன் பார்த்துவிட்டான். அதைப் பார்க்கக் கொடுத்தவள் நான்தான். வேண்டாத காகிதத்தையும் இணைத்தால் இதுதான் நடக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேடம் ஒரு தாளில் எனக்கு எழுதிக் கொடுத்தார். இப்போது கொடுப்பது டாக்டர் கடிதம் மட்டும். இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றை முன்கூட்டி யாரும் தர மாட்டார்கள். ஆபரேஷன் ஆன பிறகு டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டித்தான் டிஸ்பென்சரி டாக்டரிடம் வாங்க வேண்டும். வாங்கியதும் அசலை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், நகலைத்தான் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஓய்வை நீட்டச் சொன்னால் லீவு முடிகிறதற்குள் அடுத்த சான்றின் நகல் வந்துவிட வேண்டும். வேலைக்குத் திரும்பும்போது, வேலை செய்யத் தகுதி என்று டாக்டர் எழுதிய கடைசிச் சான்று இல்லாமல் மிஷினில் உட்கார விட மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னார். "லெட்டர்ல சம்பளம் இல்லாத மெடிக்கல் லீவுன்னு எழுதுங்க. சம்பள லீவு எதையும் இதுல சேக்காதீங்க. சம்பளம் வாங்கின நாளுக்கு இ.எஸ்.ஐ. காசு தர மாட்டாங்க. புரியுதாக்கா?"

"புரியுதுங்."

புரிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் சொன்ன வாக்கியம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதைக் கேட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகாமல், அதே அறையில், அதே நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு, அதற்கு நேர்மாறான காரியத்தை நானே வாயைத் திறந்து கேட்டு வாங்கினேன்.

லீவு லெட்டரில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் மேடம் போட முடியும். அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினான்.

"இன்னும் ஒரு மாசம் இருக்குதுல்லீங்? இந்த ஷிப்மெண்ட் இருபத்தெட்டாந்தேதி போகோணும். நீங்க தினமும் எட்டரை வரைக்கும் நின்னு ஒன்றரை ஷிப்ட் போட்டுக் குடுத்தீங்கன்னா நான் தாராளமா கையெழுத்துப் போடறேன். லைன்ல ஓவர்லாக் ஆள் இல்லீங்."

"ரத்தம் கம்மியா இருக்குதுன்னு சொல்லியிருக்காங்க..."

"ஒக்காந்து தைக்கறதுதானுங்."

மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். தூத்துக்குடிக்காரி என் கையைக் கிள்ளினாள், வேண்டாம் என்று. நான் சரி என்றேன். ஐந்தரை மணிக்கு மேல் மூன்று மணி நேரம், அரை ஷிப்ட். கையெழுத்து வேண்டுமே.

எங்கள் கம்பெனியில் அந்த அரை ஷிப்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆடிட் ஆட்கள் புத்தகம் பார்ப்பார்கள். ஒரு ஆள் அளவுக்கு மேல் ஓவர்டைம் செய்ததாகப் புத்தகத்தில் இருந்தால் ஆர்டர் போய்விடும் என்று பயம். கையில் காசாகவும் கொடுக்க முடியாது, எல்லாம் வங்கி வழி. அதனால் அரை ஷிப்டுகளை டைம் ஆபீஸ் அண்ணன் ஒரு தனி நோட்டில் சேர்த்து வைப்பார். அந்த ஆள் என்றைக்கு லீவு போடுகிறாரோ அன்றைக்கு வந்ததாகப் பதிவில் போட்டுவிடுவார். இரண்டு அரை ஷிப்ட் ஒரு நாள். இதற்கு "நாள் ஏத்துறது" என்று பெயர். எங்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களுக்கெல்லாம் வேலை செய்ததாகச் சம்பளம் வரும். "அண்ணா, எனக்கு ரெண்டு நாள் ஏத்தி விடுங்க" என்று நாங்களே போய்க் கேட்போம்.

நானும் கேட்டேன். "அண்ணா, இந்த மாசம் செய்யற அரை ஷிப்டையெல்லாம் நான் படுத்திருக்கற நாள்ல ஏத்தி விட்டுருங்க. அப்ப கைக்கு ஒண்ணும் வராதுல்லீங்."

"அதுக்கென்னங் அம்மிணி, நீங்க சொல்லோணுமா? ஏத்தி உட்டர்றேன். நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றார் அவர். எப்போதும் அவ்வளவு மரியாதையாகத்தான் பேசுவார்.

சம்பள லீவு வேறு, நான் உழைத்த அரை ஷிப்ட் வேறு என்று என் மண்டையில் இருந்தது. அது நான் ஏற்கெனவே செய்த வேலைக்கான காசு. அதைப் போய் லீவுச் சம்பளம் என்று நான் எப்படி நினைப்பேன்? ஆனால் மேடத்துக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இருபத்திரண்டு சாயங்காலம் நின்றேன். காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வந்ததால் எண்ணிக்கை தெரியும். ஏழு மணிக்கு மேல் கண் இருட்டும். தூத்துக்குடிக்காரி என் பங்குத் துணியிலிருந்து பத்துப் பத்து பீஸாகத் தன் பக்கம் இழுத்து அடித்துக் கொடுப்பாள். "ஆபரேஷனுக்கு முந்தியே செத்துப்போனியன்னா லீவு லெட்டர் வேஸ்ட்டு, பாத்துக்க" என்பாள். சிரிப்பேன். சிரித்தால் அடிவயிறு இழுக்கும்.

ஆபரேஷனைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. கோயம்புத்தூரில் நன்றாகப் பார்த்தார்கள். வியாழன் படுத்தேன், வெள்ளி எடுத்தார்கள், செவ்வாய்க்கிழமை அனுப்பினார்கள். எனக்கு முதலில் நினைவு தெளிந்தபோது கேட்டது ஃபைலைத்தான். கணவர் தலைமாட்டில் வைத்திருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் என் பெயர், வயது, தேதிகள் சரியாக இருக்கிறதா என்று ஆட்டோவிலேயே படித்துக்கொண்டு வந்தேன். "ஊட்டுக்குப் போயி படிச்சுக்கலாமில்ல" என்று அவர் திட்டினார். தப்பாக இருந்தால் திரும்பிப் போய் மாற்ற வேண்டுமே என்று எனக்கு.

மேடம் எழுதிக் கொடுத்தது எழுதினபடி செய்தேன். டிஸ்பென்சரியில் முதல் சான்று வாங்கினோம். நடுவில் ஒன்று. கடைசியாக, வேலைக்குத் தகுதி என்று ஒன்று. ஒவ்வொன்றையும் இரண்டு நகல் எடுத்து, ஒரு நகலைத் தூத்துக்குடிக்காரி கையில் கம்பெனிக்கு அனுப்பினேன். அசலை யாரிடமும் விடவில்லை. நாற்பத்தைந்து நாளும் முழுசாகப் படுத்தேன். ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. இடையில் ஒரு நாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது, ஏழாயிரம் ரூபாய் சம்பளம். மாசம் பிறந்து நான் போன மூன்று நாள் போக ஐயாயிரத்து ஐநூறு: இருபத்திரண்டு அரை ஷிப்ட், பதினொரு நாள், நாளைக்கு ஐநூறு. சரியாக ஏற்றியிருக்கிறார் அண்ணன் என்று மனதுக்குள் கும்பிட்டேன். மருந்துக்கும் மளிகைக்கும் அது போயிற்று.

ஓய்வு முடிந்ததும், அசல்களையும் கிளெய்ம் படிவத்தையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகம் போனேன். அன்று ஒரு தாளும் குறையவில்லை. அங்கே இருந்த அலுவலர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சான்றாகத் தேதி பார்த்தார். நாற்பத்தைந்து நாளில் முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் கிடையாது. மீதி நாற்பத்து மூன்று நாளுக்கு, சராசரிக் கூலியில் நூற்றுக்கு எழுபது, அதாவது நாளைக்கு முந்நூற்று ஐம்பது வீதம் வரும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். பதினைந்தாயிரத்து ஐம்பது. எனக்கு வீட்டுக்காரம்மா முகம் கண்ணில் வந்தது. அப்புறம் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க ஆபரேஷன் ஆன மாசத்துல பதினாலு நாள் வேல செஞ்சிருக்கீங்களே?"

"இல்லீங் சார். படுத்திருந்தனுங்."

"பதினாலு நாளுக்குச் சம்பளம் காட்டிக் கம்பெனி சந்தா கட்டியிருக்கு. மாசம் பொறந்து மூணு நாள்தான் நீங்க போயிருக்க முடியும். அது போக இன்னும் பதினோரு நாள் காட்டுது. எதுக்கும் கம்பெனிக்கு எழுதிக் கேக்கறேன், நீங்க எந்தெந்த நாள் வரலேன்னு. அது வந்ததும் பாப்போம்."

ஆள் வேலைக்கு வரவில்லை என்பதை முதலாளியிடம் கேட்டுச் சரிபார்க்கிறது அவர்களுடைய முறை. அது தப்பே இல்லை. நான்தான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே வேர்த்துப் போனேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். கம்பெனி வருகைப் பதிவின் நகல் அவர் மேசையில் இருந்தது. எட்டாம் தேதி திங்கட்கிழமை முதல், ஞாயிறு ஒன்று விட்டு, பத்தொன்பதாம் தேதி வரை பதினொரு நாளும் நான் வந்திருக்கிறேன். வந்த நேரம் எட்டரை, போன நேரம் ஐந்தரை. பக்கத்தில் என் டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் ஒன்பதாம் தேதி வரை நான் கோயம்புத்தூர் படுக்கையில்.

"ஒரே ஆள் ரெண்டு எடத்துல இருக்க முடியாதும்மா. ஒண்ணு இது பொய், இல்ல அது பொய்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அரை ஷிப்ட், தனி நோட்டு, ஏற்றுகிற வழக்கம். சொல்லச் சொல்ல, என் வாயாலேயே என் கம்பெனியைக் காட்டிக் கொடுக்கிறேன் என்று பயம் வந்து பாதியில் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை.

"நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா எனக்குக் காகிதம் வேணும். இந்தப் பதினோரு நாள் நீங்க வரல, இந்தச் சம்பளம் முந்தின மாச வேலைக்கானதுன்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதி, திருத்தின பதிவோட கொண்டு வாங்க. முழுசா போட்டுத் தர்றேன். இல்லேன்னா, சம்பளம் வாங்கின நாளுக்குப் பணம் கேட்டீங்கன்னு ஆயிடும். அது பொய் கிளெய்ம். உங்களுக்குத்தான் வில்லங்கம்."

ஒரே ஒரு காகிதம். பத்தொன்பது கொண்டுபோனவளுக்கு ஒன்றா பெரிசு என்று தேற்றிக்கொண்டு மறுநாள் ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். மேடமும் அண்ணனும் இருந்தார்கள். சூப்பர்வைசரைப் பேசுவதற்கு மேடமே கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரி, பாதி தைத்ததை அப்படியே போட்டுவிட்டு என் பின்னால் வந்துவிட்டாள்.

மேடம் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"அக்கா, அந்த லெட்டர நான் எழுத முடியாது. எழுதினா, நம்ம பதிவு பொய்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அது அங்கேருந்து எங்கெங்கியோ போகும்."

"அப்பொ நான் வந்ததா எழுதினது பொய்தானுங் மேடம்?"

"நீங்க கேட்டுத்தானேக்கா ஏத்தினாங்க?"

அண்ணன் மெல்லக் குறுக்கே வந்தார். "ஏனுங் அம்மிணி, அஞ்சாயிரத்து ஐநூறு வந்துச்சில்லீங்? இ.எஸ்.ஐ.ல போட்டா அந்தப் பதினோரு நாளுக்கு மூவாயிரத்துச் சில்லறதானுங் வரும். கணக்குப் பாத்தா உங்களுக்கு லாபந்தானுங்."

"அது நான் சாயந்தரம் சாயந்தரம் நின்னதுக்குங் அண்ணா. ரத்தமில்லாம நின்னனே, அதுக்கு. இது நான் படுத்திருந்ததுக்கு. ரெண்டும் எப்படிங் ஒண்ணாகும்?"

அவர் வருகைப் பதிவை இழுத்து மூடி வைத்தார். "அந்த நோட்டைக் காட்டுங்க, நான் கொண்டுபோயி அவருகிட்டக் காட்டிட்டுத் திருப்பித் தர்றேன்" என்றேன். "எந்த நோட்டுங்?" என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாகத்தான் கேட்டார்.

சூப்பர்வைசர் பக்கம் திரும்பினேன். "நீங்கதானுங் சொன்னீங்க, ஒன்றரை ஷிப்ட் போட்டாத்தான் கையெழுத்துன்னு?"

"நானா? எப்பங்? நான் அப்படியெல்லாம் சொல்ற ஆளுங்களா?"

"ஏல, எம் முன்னால சொல்லலியா நீ?" என்று தூத்துக்குடிக்காரி கத்தினாள். "பேனாவத் தொறந்து கையில வச்சிக்கிட்டு, ஓவர்லாக் ஆள் இல்ல, ஷிப்மெண்ட்டு போணும்னு சொல்லலியா? ஸ்கேன வெளிச்சத்துல காட்டிப் பாத்தியே, அதுவும் மறந்து போச்சோ?"

"மேடம், இந்தம்மாவ மொதல்ல லைனுக்குப் போகச் சொல்லுங்க. பீஸ் தேங்கிட்டு நிக்குது."

மேடம் அவளைப் போகச் சொன்னார். பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில், "இதப் பெரிசு பண்ணாதீங்கக்கா. மேனேஜ்மெண்ட்ல பேசி அந்தப் பதினோரு நாள் இ.எஸ்.ஐ. காச உங்க கைக்கே வாங்கித் தர்றேன். அங்க போயி அந்தப் பதினோரு நாள் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துருங்க. மீதியாவது சீக்கிரம் வரும்" என்றார்.

"அதையும் ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க மேடம். தர்றேன்னு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். "இதுக்கெல்லாம் காகிதம் எதுக்குக்கா" என்றார்.

கிளை அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுத்த கடிதம் நான்கு வரி. எட்டாம் தேதியிலிருந்து பத்தொன்பதாம் தேதி வரை பதினொரு வேலை நாளுக்கு எனக்கு நோய்க்காலப் பணம் வேண்டாம், அந்த நாட்களுக்குச் சம்பளம் பெற்றுக்கொண்டேன். அலுவலர் சொல்லச் சொல்ல எழுதினேன். தையல் போட்ட வயிற்றோடு டியூபில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த திங்கட்கிழமை, நான் எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போனதாக என் கையெழுத்திலேயே ஒப்புக்கொண்டது மாதிரி ஆயிற்று. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் படிக்காமலே போட்டேன். என் வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான்.

மீதி முப்பத்திரண்டு நாளுக்குப் பதினோராயிரத்து இருநூறு, இரண்டு வாரத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. வாடகை இரண்டு மாதத்தையும் கொடுத்தேன். கரண்ட் பில் போக மிஞ்சியது ஐந்நூறுகூட இல்லை.

அதற்குப் பிறகு மேடத்திடம் நான்கு முறை கேட்டேன். முதல் முறை, பேசிட்டிருக்கேன் என்றார். இரண்டாவது முறை, ஆடிட் முடியட்டும் என்றார். மூன்றாவது முறை அவர் சீட்டில் இல்லை. அண்ணன்தான் இருந்தார், "இந்த ஷிப்மெண்ட் போகட்டுங் அம்மிணி" என்றார். நான்காவது முறை போனபோது புதிதாக ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். பழையவர் அவிநாசிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். புது மேடம் என்னைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டார், "அதுக்கு ஏதாவது சப்போர்ட்டிங் டாகுமெண்ட் இருக்காக்கா?" என்று.

தூத்துக்குடிக்காரி, தொழிற்சங்கத்தில் எழுதிக் கொடு, லேபர் ஆபீஸ் போ என்கிறாள். போனால் நோட்டைக் கேட்பார்கள். நோட்டு இல்லை. காலண்டரில் போட்ட பென்சில் கோடு இருபத்திரண்டு இருக்கிறது. அதை எந்த ஆபீஸில் அசல் என்று ஒத்துக்கொள்வார்கள்? வேலையும் போய்விட்டால் என்ற பயம் வேறு. இந்த வயதில், இந்த வயிற்றோடு, வேறு கம்பெனியில் ஓவர்லாக் கேட்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. ஒன்றரை ஷிப்ட் மட்டும் இப்போது போடுவதில்லை. கேட்டால், டாக்டர் வேண்டாமென்றார் என்று சொல்லிவிட்டு ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். சூப்பர்வைசர் முறைக்கிறான்.

நாளைக்கு முந்நூற்று ஐம்பது வீதம் பதினொரு நாள். கம்பெனி எனக்கு இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.